குடோனில் சரக்கு எண்ணுவதும், வித்தியாசத்தைத் தேடிப் பிடிப்பதும்

திருச்சிப் பக்கம் ஒரு பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அவருடைய குடோன் பெரிய இடம் இல்லை. ஒரு தகர ஷெட், பதினான்கு ரேக், சுமார் 400 ஐட்டம், வேலைக்கு நாலு பேர். அங்கே முதல் தடவை ஸ்டாக் எடுத்தபோது நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் எண்ணினோம். கம்ப்யூட்டரில் இருந்த இருப்போடு 130 ஐட்டம் ஒத்துப்போகவில்லை. எண்ணியதுதானே நிஜம் என்று 130 ஐட்டத்துக்கும் புது எண்ணிக்கையைப் போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிட்டேன். அடுத்த மாதமே அதில் பாதிக்குமேல் மறுபடியும் வித்தியாசம் காட்டின, பல எதிர்த் திசையில். கூடுதலாக இருந்ததெல்லாம் இப்போது குறைவாக இருந்தது.

ஸ்டாக் எடுப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று எண்ணுவது. இன்னொன்று, எண்ணியதும் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பது. நான் முதல் வேலையை அரைகுறையாகச் செய்து, இரண்டாவதைச் செய்யவே இல்லை.

எண்ணுவதற்கு முன்னால் ஒரு கோடு போட வேண்டும். சனிக்கிழமை இரவு கடை மூடும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் உள்ளே வந்த சரக்கின் பில் எல்லாம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். வெளியே போன சரக்கின் பில்லும் அப்படித்தான். கடைசி விற்பனை பில் எண், கடைசி டெலிவரி சலான் எண், கடைசியாகப் பதிந்த கொள்முதல் பில் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவேன். கணக்கு இருப்பு இந்த எண்கள் வரைக்குமானது, எண்ணுகிற சரக்கும் அதே நேரத்துக்கானது. இந்தக் கோடு சரியாக விழாவிட்டால், எவ்வளவு கவனமாக எண்ணினாலும் வித்தியாசம் வரும். என்னுடைய அந்த 130-இல் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். சரக்கு இறங்கியிருந்தது, பில் மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் இருப்பை ஏற்றிவிட்டேன். அப்புறம் பில்லையும் பதிந்தார்கள். ஒரே சரக்கு இரண்டு தடவை ஏறிவிட்டது.

கோட்டைத் தாண்டி எண்ண நேர்ந்தாலும் வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைப் பகுதி மட்டும் எண்ணி முடியவில்லை, செவ்வாய் காலையில்தான் எண்ணினோம் என்று வையுங்கள். அன்றைக்கு ஒரு இஞ்ச் பைப் 312 இருந்தது. திங்கட்கிழமை 45 வெளியே போயிருக்கிறது, 60 உள்ளே வந்திருக்கிறது. போனதைக் கூட்டி, வந்ததைக் கழிக்க வேண்டும். 312 + 45 − 60 = 297. சனிக்கிழமை இரவு இருந்தது 297 என்று அர்த்தம். இதைத்தான் கணக்கு இருப்போடு ஒப்பிட வேண்டும், 312-ஐ அல்ல. மார்ச் 31 இருப்பை ஏப்ரல் முதல் வாரத்தில் எண்ணுகிறவர்களும் இப்படித்தான் பின்னோக்கிப் போகிறார்கள்.

எண்ணும் தாளில் ரேக் எண், ஐட்டம் பெயர், அளவு, யூனிட், அதன்பின் ஒரு காலிக் கட்டம் மட்டும் இருக்கும். கணக்கு இருப்பு எவ்வளவு என்பது அதில் இருக்கவே கூடாது. 84 என்று தாளில் அச்சாகியிருந்தால், 81 வரைக்கும் எண்ணியவர் மீதி மூன்று எங்கேயாவது இருக்கும் என்று 84 எழுதிவிடுவார். வேண்டுமென்று செய்வதல்ல, மனித மனசு அப்படித்தான். எங்கள் குடோன் மேஸ்திரி, "தாள்ல நம்பர் இருந்தா வேலை சுருக்கா முடியும் சார்" என்றார். சுருக்காக முடியும் என்பது உண்மைதான்.

ஐட்டம் வரிசையில் எண்ணாமல் ரேக் வரிசையில் எண்ணுங்கள். முக்கால் இஞ்ச் எல்போ மூன்று இடத்தில் இருக்கலாம். ரேக்கில் கொஞ்சம், பேக்கிங் மேசைக்கு அடியில் கொஞ்சம், உடைக்காத அட்டைப்பெட்டியில் கொஞ்சம். ஐட்டத்தைத் தேடிக்கொண்டு போனால் மேசைக்கு அடியில் இருப்பது விட்டுப்போகும். முதல் ரேக்கின் மேல்தட்டில் ஆரம்பித்து, கண்ணில் படுகிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தால் எதுவும் தப்பாது. ஒருவர் எண்ணிச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். முடிந்த தட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். மாலையில் ஸ்டிக்கர் இல்லாத தட்டு எது என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

முந்தின நாளே மூன்று வகைச் சரக்கைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். உடைந்தது, கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தது, நம்முடையதே அல்லாதது. இந்த மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். பில் போட்டாகிவிட்டது, வண்டி வரவில்லை, ஷட்டர் ஓரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது வாங்கியவர் சரக்கு. நம் தாளில் ஏறக்கூடாது.

பைப் எண்ணுவதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். அடுக்கின் முனைப் பக்கம் நின்று, ஒவ்வொரு வாயிலும் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது வரிசைக்கு மேல் கண் தடுமாறிவிடும். லாரியில் இடம் மிச்சப்படுத்த, பெரிய பைப்புக்குள் சின்ன பைப்பைச் சொருகித்தான் அனுப்புவார்கள். இறக்கும்போது வெளியே உருவாமல் அப்படியே அடுக்கிவிட்டால், நாலு இஞ்ச் பைப்புக்குள் இரண்டு இஞ்ச் பைப் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அந்த அடுக்கை விட்டு நகராதீர்கள்.

கிளாம்ப், ஸ்க்ரூ போன்ற பொடிச் சாமானை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நூறு கிளாம்பை எண்ணித் தராசில் வைத்தோம், 640 கிராம். மொத்த மூட்டை, சாக்கின் எடை போக, 8.32 கிலோ. 8,320-ஐ 6.4-ஆல் வகுத்தால் 1,300. சாக்கின் எடையைக் கழிக்க மறந்தால் இருபது முப்பது கிளாம்ப் இல்லாமலேயே இருப்பில் ஏறிவிடும். கம்பெனி மாறினால் எடையும் மாறும், அதனால் மாதிரியை அந்த மூட்டையிலிருந்தே எடுக்க வேண்டும்.

சரி, எண்ணியாயிற்று. தாளைக் கணக்கோடு ஒப்பிட்டோம். சமீபத்தில் எடுத்த ஸ்டாக்கில் வந்த வித்தியாசங்களில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மதிப்பெல்லாம் வாங்கின விலையில்தான், விற்கிற விலையில் அல்ல.

முக்கால் இஞ்ச் எல்போ கணக்கில் 1,240, எண்ணியது 1,300. 60 கூடுதல். ஒன்று 9 ரூபாய் என்று 540 ரூபாய்.

ஒரு இஞ்ச் எல்போ கணக்கில் 860, எண்ணியது 800. 60 குறைவு. ஒன்று 16 ரூபாய் என்று 960 ரூபாய்.

ஒரு இஞ்ச் பால் வால்வு கணக்கில் 84, எண்ணியது 108. 24 கூடுதல். 110 ரூபாய் வீதம் 2,640 ரூபாய்.

பைப் ஒட்டுகிற சால்வென்ட் டின் கணக்கில் 148, எண்ணியது 141. 7 குறைவு. 160 ரூபாய் வீதம் 1,120 ரூபாய்.

பித்தளை பிப் காக், அதாவது தண்ணீர் திறக்கும் குழாய், கணக்கில் 46, எண்ணியது 40. 6 குறைவு. 420 ரூபாய் வீதம் 2,520 ரூபாய்.

கூடுதலையும் குறைவையும் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் நிகரக் குறைவு வெறும் 1,420 ரூபாய். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா, விடுங்க" என்றார். நான் அடுத்த வரியைக் காட்டினேன். கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் மொத்தமாகக் கூட்டினால் 7,780 ரூபாய்க்குத் தப்பு இருக்கிறது. நிகரத் தொகை சின்னதாக இருப்பதற்கு, தப்புகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருப்பதே காரணமாக இருக்கலாம்.

தேடுவதில் முதல் படி, மறுபடியும் எண்ணுவது. முதலில் எண்ணியவர் அல்லாத வேறொருவர் எண்ண வேண்டும். வித்தியாசத்தில் ஒரு பங்கு இங்கேயே உதிர்ந்துவிடும். அடுத்து யூனிட்டைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் மலைபோல் இருந்தால் பெரும்பாலும் யூனிட் கோளாறுதான். ஒரு கிளாம்ப் வகை கணக்கில் 2,000, எண்ணியவர் எழுதியது 40. திருடனாக இருந்தாலும் 1,960 கிளாம்பை யார் தூக்கிக்கொண்டு போவார்? பையில் ஐம்பது, அவர் பையை எண்ணியிருக்கிறார். 40-ஐ 50-ஆல் பெருக்கினால் கதை முடிந்தது. இதன் எதிர்ப்பக்கமும் நடக்கும். கம்பெனி ஐம்பது போட்டுக்கொண்டிருந்த பையில் சத்தமில்லாமல் நாற்பது போட ஆரம்பித்திருக்கும். அதனால்தான் முத்திரை உடையாத பெட்டியிலும் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்ப்பது.

மறு எண்ணிக்கையிலும் மேலே சொன்ன ஐந்தும் அப்படியே நின்றன. இனிமேல் வித்தியாசத்தின் எண்ணையே உற்றுப் பார்க்க வேண்டும்.

எல்போவில் ஒன்று 60 கூடுதல், பக்கத்து அளவு 60 குறைவு. இப்படி இரட்டைப் பிள்ளை மாதிரி வந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போயிருக்கிறது. சென்ற ஸ்டாக் தேதியிலிருந்து முக்கால் இஞ்ச் எல்போவின் விற்பனை பில்களில் 60 என்ற அளவைத் தேடினோம். இரண்டு பில் கிடைத்தன. ஒன்றின் ஆர்டர் சீட்டில் "1 எல்போ 60" என்று கடைக்காரர் கையெழுத்தில் இருந்தது. மேஸ்திரி சரியாக ஒரு இஞ்ச் எடுத்துக் கொடுத்திருக்கிறார், பில் போட்டவர் பட்டியலில் ஒரு வரி தள்ளிக் கிளிக் செய்துவிட்டார். கடைக்காரருக்கு போன் செய்தோம். ஒரு இஞ்ச் வாங்கியது உண்மைதான் என்றார். பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட், சரியான ஐட்டத்துக்குப் புது பில். இருப்பு தானாகச் சரியாகிவிட்டது. இதையே வித்தியாசம் என்று கணக்கைத் திருத்தியிருந்தால், 16 ரூபாய்ச் சாமானை 9 ரூபாய்ச் சாமானாக விற்றது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

பால் வால்வில் 24 கூடுதல். பெட்டிக்கு 12. முழுப் பெட்டிக் கணக்கில் கூடுதல் வந்தால், ஒன்று கொள்முதல் பில் ஏறாமல் இருக்கும், இல்லை விற்ற சரக்கு இன்னும் உள்ளேயே இருக்கும். இழுப்பறையில் பில் எதுவும் இல்லை. பிறகு சனிக்கிழமையின் விற்பனை பில்களையும் வெளியே போன சரக்கை எழுதுகிற வாசல் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசிக்கு முந்தின பில்லில் 24 பால் வால்வு இருக்கிறது, வாசல் நோட்டில் அந்த பில் எண் இல்லை. ஷட்டர் ஓரம் ஒதுக்கிய இடத்தில் இடம் போதாமல், பையன் அந்த இரண்டு பெட்டியையும் மூன்றாவது ரேக்கிலேயே திரும்ப வைத்திருக்கிறான். இது வித்தியாசமே இல்லை. எண்ணும் தாளில் 24-ஐக் கழித்துக் காரணம் எழுதினோம், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் ஐட்டத்தின் வரவு செலவுப் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்ப்பதும் நல்ல வழி. ஏதாவது ஒரு தேதியில் இருப்பு மைனஸில் போயிருந்தால், அதற்கு முன் வந்த சரக்கு ஒன்று பதிவாகவில்லை, அல்லது வேறு ஐட்டம் பெயரில் பதிவாகியிருக்கிறது. இல்லாத சரக்கை யாரும் விற்க முடியாதல்லவா.

சால்வென்ட்டில் 7 குறைவு. இது ஜோடியும் இல்லை, பெட்டிக் கணக்கும் இல்லை. ஒற்றை இலக்கத்தில் ஒழுங்கில்லாமல் குறைந்தால் பில்லைப் புரட்டுவதைவிட ஆட்களிடம் பேசுவதில் பலன் அதிகம். மேஸ்திரியிடம் கேட்டதும் பின்பக்கம் ஒரு சாக்கைக் காட்டினார். உள்ளே கெட்டியாக இறுகிப்போன ஐந்து டின். கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தது, பதிலுக்குப் புது டின் கொடுத்தாகிவிட்டது, யாரும் எழுதவில்லை. மீதி இரண்டுக்குத் தடயம் கிடைக்கவில்லை.

கம்பெனி மாற்றிக் கொடுக்கும் என்றால் அந்த ஐந்தையும் முறைப்படித் திருப்பி அனுப்பலாம், நஷ்டம் எழுத வேண்டாம். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏழையும் எழுதித் தள்ள வேண்டியிருந்தது. இங்கே பலர் விட்டுவிடுகிற ஒரு செலவு இருக்கிறது. சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவுப்படி தொலைந்த, திருடுபோன, அழிந்த, எழுதித் தள்ளிய சரக்குக்கு, வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாங்கும்போது எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். 7 டின் 1,120 ரூபாய், அதற்கு 18 சதவீதம் என்றால் 201 ரூபாய் 60 காசு. இலவசமாகக் கொடுக்கும் சாம்பிளுக்கும் இதே பிரிவுதான். தொலைந்தது, அழிந்தது, எழுதித் தள்ளியது, சாம்பிளாகக் கொடுத்தது எல்லாவற்றையும் இருப்புக் கணக்கில் காட்ட வேண்டும் என்று விதி 56 சொல்கிறது.

எழுதித் தள்ளுவதை எங்கே பதிவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். டேலியில் ஃபிசிக்கல் ஸ்டாக் வவுச்சர் என்று ஒன்று இருக்கிறது. எண்ணியதை அப்படியே போட்டால், அந்தத் தேதியில் இருப்பு இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்லிவிடும். சுலபமாக இருக்கிறதே என்று எல்லா ஐட்டத்துக்கும் போடக்கூடாது. நாளைக்கு அதற்கு முந்தின தேதியில் விட்டுப்போன பில் ஒன்று கிடைத்துப் பதிந்தாலும், இந்த வவுச்சர் அதை மூடிவிடும். காரணம் தெரிந்த தப்பை அந்தந்த பில்லிலேயே திருத்த வேண்டும். தேடி முடித்து, நிஜமாகவே இல்லை என்று ஆனதை மட்டும், காரணத்தை விளக்கப் பகுதியில் எழுதி, ஸ்டாக் ஜர்னலில் குறைக்கிறேன். அந்தப் பதிவுக்கு முதலாளி கையெழுத்து. சாவி வைத்திருப்பவரே இருப்பைக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தால், எண்ணுவதே வீண்.

எல்லாவற்றையும் இப்படித் துரத்த வேண்டியதில்லை. டெஃப்லான் டேப் 1,200-இல் 11 குறைந்தது. ஒரு ஆளை அரை நாள் அதைத் தேட விட்டால் அவர் கூலி டேப்பைவிட அதிகம். எங்கள் குடோனில், 200 ரூபாய்க்குள் இருந்தால் தேடாமல் எழுதித் தள்ளலாம் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் சரக்கின் விலைக்குத் தகுந்தபடி வரம்பை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வித்தியாசத்தைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால் அது சௌகரியத்துக்கு ஏற்ப வளரும்.

மிஞ்சியது பிப் காக். மறுபடி எண்ணினோம், ஜோடி தேடினோம், பில் பார்த்தோம், சாம்பிள் எடுத்துப்போனவர்களை விசாரித்தோம், திரும்பி வந்த சரக்கைக் கிளறினோம். ஆறு பிப் காக் இல்லை. ஐந்து ஐட்டத்திலும் கடைசியில் நின்ற நிஜக் குறைவு சால்வென்ட் 1,120, பிப் காக் 2,520, ஆக 3,640 ரூபாய். முதலில் பார்த்த நிகரத் தொகையைப்போல இரண்டரை மடங்கு.

சின்ன உருப்படி, நல்ல விலை, சட்டைப் பையில் அடங்கும், எந்தக் கடையிலும் விற்றுவிடலாம். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு தடவை குறைந்ததை வைத்து ஒருவர் மேல் கை நீட்ட முடியாது, நீட்டவும் கூடாது. காரணம் தெரியவில்லை என்றே எழுதினோம். பித்தளைச் சாமான் இருந்த ரேக்கை ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் மாற்றினோம். மற்ற சரக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால், பித்தளையை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூடுவதற்கு முன் எண்ணுகிறோம். மொத்தம் பதினெட்டு ஐட்டம், இருபது நிமிஷ வேலை. ஒரு வாரத்துக்குள் குறைந்தால் பார்க்க வேண்டிய பில்கள் ஒரு கைப்பிடிதான், அந்த வாரம் யார் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதுவரை ஒன்பது சனிக்கிழமை ஆகிவிட்டது. நாலாவது வாரம் ஒரு பிப் காக் கூடுதலாக வந்தது. பிடி கழன்று, கடைக்காரர் ஒருவர் திருப்பிக் கொடுத்தது, எழுதாமல் ரேக்கில் வைத்திருக்கிறார்கள். மற்றபடி எதுவும் குறையவில்லை.